பல்லோடு பிறந்தவன்

மார்ச் 3
நேற்றுப் பிறந்தவனுக்குக் கீழ் முரசில் இரண்டு பல்! பால் கொடுக்க உதவ வந்த மிட்வைஃப்தான் முதலில் கண்டார். அரிசிக் குருணை மாதிரி, இலேசான மஞ்சளில். "பல்லோட பிறந்தால் மாமனுக்கு ஆகாது" என்று மாமி தொடங்கிவிட்டார். தம்பி அன்று முழுக்க இன்சூரன்ஸ் எடுக்கிறதைப் பற்றியே கதைத்தான்.

மார்ச் 6
வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தாயிற்று. என்னைக் கடித்துவிடுவான் என்று பயந்துகொண்டிருந்தேன், கடிபடுவது அவன்தான். பால் இழுக்கும்போது நாக்கு கீழ் முரசை மூடிக்கொண்டு முன்னால் வரும். ஒவ்வொரு இழுப்புக்கும் அதன் அடிப்பக்கம் பல் நுனியில் உரசுகிறது. நாலு இழுப்பு, பிறகு அலறல். டோர்ச் அடித்துப் பார்த்தேன்: நாக்கின் அடியில் மிளகளவு வெள்ளைப் புண், சுற்றிவரச் சிவப்பு. இரவு பாலைப் பீய்ச்சிச் சிறிய கோப்பையால் கொடுத்தேன். குடித்தான்.

மார்ச் 7
பல் டொக்டரிடம் போனோம். 3.1 கிலோவில் பிறந்தவன் இப்போது 2.85. முதல் நாட்களில் கொஞ்சம் குறைவது வழக்கம்தான், ஆனால் இனிக் கூட வேண்டுமாம்.

விரலால் இரண்டையும் அசைத்துப் பார்த்தார். இடதுபக்கப் பல் உறுதி. வலதுபக்கப் பல் கதவு மாதிரி ஆடியது. வேர் வளரவில்லை, முரசுத் தோலில்தான் தொங்குகிறது. எக்ஸ்ரேயில் இரண்டும் உண்மையான பால் பல், மேலதிகப் பல் இல்லை. பெரும்பாலும் இப்படித்தானாம், நேரத்துக்கு முன்னே முளைத்துவிடுகிறது. அதனால் கண்டவுடன் பிடுங்குவதில்லை. பிடுங்கினால் 6, 7 வயதில் நிரந்தரப் பல் வரும்வரை அந்த இடம் வெறுமைதான்.

"புண்ணுக்காக மட்டும் என்றால் நுனியைத் தேய்த்து மழுக்கிப் பார்ப்பேன். ஆடுற பல் கழன்று மூச்சுக்குழாய்க்குள் போகலாம், அதை எடுக்க வேணும்," என்றார். இடதுபக்கத்தை அப்போதே மழுக்கினார்.

மார்ச் 9
வலதுபக்கத்தை எடுத்தாயிற்று. அதற்கு முன் டிஸ்சார்ஜ் கார்டில் விற்றமின் கே ஊசி போட்ட பதிவைத் தேடிப் பார்த்தார்கள். பிறந்த பிள்ளைக்கு இரத்தம் உறைய அது வேணும். போடாவிட்டால் பத்து நாள் வரைக்கும் பொறுப்பார்களாம். மரக்கச் செய்து, ஒரு நொடியில் எடுத்தார். பிறகு குழியை மெல்லச் சுரண்டினார். எனக்குத்தான் வயிறு கலங்கியது. அடியில் உள்ள பல்திசு மிஞ்சினால் திரும்பவும் பல் போல ஏதாவது வளருமாம். துணியை அழுத்திப் பிடித்தோம், கசிவு நின்றது. அரை மணித்தியாலத்தில் பால் குடித்தான்.

மார்ச் 17
புண் மூடுகிறது. எடை 3.15. மழுக்கிய பல் அப்படியே இருக்கிறது. ஆடத் தொடங்கினாலோ புண் திரும்பினாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு நாளும் காலையில் விரலால் தொட்டுப் பார்க்கிறேன். தம்பி அந்தக் குருணைப் பல்லைத் தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறான்.