எலி தின்ற கேக்: பின்னத்திற்கு உரையாடல் எழுதிய அனுபவம்

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில், குழந்தைகளுக்கான கார்ட்டூன் வழியே பின்னம் கற்பிக்கும் உரையாடல் ஒன்றை ஒப்படைப்பாக எழுத வேண்டியிருந்தது. காட்பாடியில் நான் பேருந்துக்கு நிற்கும் இடத்திற்கு எதிரே, பேக்கரியின் கண்ணாடி அலமாரியில், தேங்காய் வைத்த வட்ட ரொட்டியான தில்பசந்தைக் கால் கால் துண்டாக வெட்டி அடுக்கியிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் கதையைப் பேக்கரியில் வைத்தேன். இரவில் கேக்கைத் திருடித் தின்னும் எலியைக் கடைக்காரத் தாத்தாவும் பேத்தியும் பிடிக்கிறார்கள் என்பதே கதை.

முதல் வரைவை வேலூருக்கு அருகிலுள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் படித்துக் காட்டினேன். "மூன்றில் ஒன்று" என்று தாத்தா சொன்னதும், அதை எழுதச் சொன்னபோது பலர் 3/1 என்று எழுதினார்கள். பிழை அவர்களுடையதன்று. தமிழில் கீழே வரவேண்டிய எண்ணை முதலில் சொல்கிறோம், ஆனால் எழுதும்போது மேலிருந்து தொடங்குகிறோம். அரை, கால், முக்கால் ஆகியவற்றுக்குத் தனிச்சொல் இருப்பதால் அங்கே இந்தக் குழப்பம் தெரிவதில்லை. மூன்றில் ஒன்றுக்கு வரும்போதுதான் தலைகாட்டுகிறது. ஆகவே தாத்தா "மூணு" என்னும்போது கத்தி தட்டிலுள்ள செவ்வகக் கேக்கை மூன்றாக வெட்டி, திரையில் கோடும் அதன் கீழே 3-ம் தோன்ற வேண்டும் என்றும், "-ல ஒண்ணு" என்று ஒரு துண்டை எடுத்த பிறகே மேலே 1 வர வேண்டும் என்றும் காட்சிக் குறிப்பை மாற்றினேன்.

இன்னொரு சொல்லும் காலை வாரியது. கீழெண்ணுக்குப் பாடநூல் தரும் பெயர் பகுதி. நானோ "கேக்கின் ஒரு பகுதி" என்று உரையாடல் முழுக்க எழுதியிருந்தேன். வெட்டியதை எல்லா இடத்திலும் "துண்டு" என்று மாற்றிவிட்டு, பகுதி என்ற சொல்லைக் கீழெண்ணுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

வேற்றினப் பின்னங்களின் கூட்டலே கதையின் உச்சக்காட்சி. மேலெண்ணோடு மேலெண்ணையும் கீழெண்ணோடு கீழெண்ணையும் கூட்டி 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுவது பிள்ளைகளிடம் அடிக்கடி காணும் பிழை. அதை ஆசிரியர் திருத்துவதாக எழுதாமல், எலியின் வாயில் பொய்யாக வைத்தேன்.

தாத்தா: நேத்து ராத்திரி எவ்ளோடா தின்ன?

எலி: முதல்ல அரைத் தட்டு. அப்புறம் முழுத் தட்டுல மூணுல ஒண்ணு. கூட்டினா அஞ்சுல ரெண்டுதான் தாத்தா!

பேத்தி: இரு. அஞ்சுல பாதி எவ்ளோ?

எலி: ரெண்டரை.

பேத்தி: அப்போ அஞ்சுல ரெண்டு, அரையை விடக் கம்மி. அரைத் தட்டு தின்னுட்டு, மேல இன்னும் தின்ன. கம்மியாவா ஆகும்?

"முழுத் தட்டுல" என்ற சொல் முதல் வரைவில் இல்லை. "மீதியில மூணுல ஒண்ணா சார்?" என்று ஒரு மாணவி கேட்ட பிறகே சேர்த்தேன். அவள் கேட்டபடி எடுத்துக்கொண்டால் எலி இரண்டாவதாகத் தின்றது தட்டில் ஆறில் ஒன்றுதான், கணக்கே வேறாகிவிடும்.

பேத்தி கேட்ட கடைசிக் கேள்விக்குப் பின் மூன்று நொடி யாரும் பேசுவதில்லை. பார்க்கும் குழந்தை யோசிக்க இந்த இடைவெளி வேண்டும் என்பதால், அதைக் குறிப்பில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் படத்தொகுப்பில் வெட்டிவிடுவார்கள்.

பிறகு தாத்தா அதே அளவுள்ள புதிய தட்டை எடுத்து, நெடுக்கில் ஒரு வெட்டும் குறுக்கில் இரண்டு வெட்டும் போடுகிறார். ஆறு சமத் துண்டுகள் கிடைக்கின்றன. அரைத் தட்டு என்பது மூன்று துண்டு, மூன்றில் ஒன்று என்பது இரண்டு துண்டு, ஆக 5/6. உடனே படம் பழைய தட்டுக்குத் திரும்ப, அங்கே ஒரே ஒரு துண்டு கிடக்கிறது. விடையைச் சரிபார்ப்பதும் திருட்டை நிரூபிப்பதும் அந்தத் துண்டுதான்.

இந்த ஒப்படைப்புக்கான நேர்முகத் தேர்வில், கதைக்கு விதை போட்ட தில்பசந்தை ஏன் கைவிட்டீர்கள் என்று கேட்டார்கள். வட்டத்தை அரையாகவும் காலாகவும் வெட்டுவது எளிது. மூன்று சமத் துண்டாகக் கண்மட்டத்தில் வெட்டுவது கடினம், அரைக்கும் மூன்றில் ஒன்றுக்கும் பொதுவான துண்டு அதில் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை என்றேன். செவ்வகத் தட்டுக்கும் எல்லை உண்டா என்பது அடுத்த கேள்வி. 1/4, 1/6 ஆகியவற்றை இதே முறையில் வெட்டினால் 24 துண்டுகள் ஆகும், 12 துண்டுகளே போதும் என்பதை இந்த வெட்டு காட்டாது என்று ஒப்புக்கொண்டேன். மீச்சிறு பொது மடங்கை இதே கதைக்குள் திணிக்காமல் அடுத்த கதைக்கு விட்டிருந்தேன்.