வானமும் குறிஞ்சி நிறத்தில் வந்தபோது: ஒரு காலண்டர் அனுபவம்

ஒரே ஒரு காலண்டர் படத்துக்காக மூன்று தடவை கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு இறங்கினேன். அதில் இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினேன். வத்தலக்குண்டு வழியாக மலையேறும் பஸ்ஸில் தப்பாக வந்த மாதிரி அச்சை, அந்த ப்ரூஃபை, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

ஃபோட்டோஷாப்பில் லேயர் லேயராக நான் அடுக்கிய படம் இதுதான். 2018-இல் குறிஞ்சி பூத்தபோது நான் எடுத்த ஒரு சரிவு கீழே. மேலே, வேறொரு நாள் எடுத்த ஆழ்ந்த நீல வானம். இரண்டுக்கும் நடுவில் கோக்கர்ஸ் வாக்கில் எடுத்த மூடுபனி. பனி லேயரின் பின்னணியைக் கறுப்பாக்கி, கீழே இருப்பதை வெளிச்சமாக்கும் ஸ்கிரீன் மோடில் போட்டிருந்தேன். பூவுக்கு மட்டும், நிறத்தைத் தூக்கிக் காட்டும் Vibrance கொஞ்சம் ஏற்றியிருந்தேன். காலண்டர் கேட்ட லாட்ஜ்காரர் திரையில் பார்த்ததுமே சரி என்றுவிட்டார். அதுவரை ஒரு சிக்கலும் இல்லை.

மதுரை பிரஸ்ஸில், சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மைக்கான சிஎம்ஒய்கே ஃபைல்தான் வேண்டும் என்றார்கள். Image > Mode > CMYK Color கொடுத்தேன். லேயர்களை ஒன்றாக்கவா என்று ஒரு பெட்டி கேட்டது. பிறகு திருத்த வேண்டியிருக்குமே என்று வேண்டாம் கொடுத்தேன். படம் வெளிறியது. பிரிண்ட் கலருக்குப் போனால் கொஞ்சம் மங்கத்தான் செய்யும் என்று எல்லோரும் சொல்வதை நானும் நம்பி, அப்படியே அனுப்பிவிட்டேன்.

ப்ரூஃப் பார்க்கப் போனால் வானம் சாயம் போன துணி மாதிரி இருந்தது. அதைவிட மோசம், பூச்சரிவின் குறுக்கே இடமிருந்து வலம் வரை ஒரு நேர்க்கோடு. பனி லேயரின் கீழ் விளிம்பு அது. கோட்டுக்கு மேலே எல்லாம் வெளிறல், கீழே சரியான அடர்த்தி. ஆபரேட்டர் அண்ணன் அதன் மேல் விரலை வைத்து, "தம்பி, இது மெஷின் கோளாறு இல்ல, ஃபைல்லயே இருக்கு" என்றார். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். இருந்தது.

இப்படி ஏன் ஆகிறது என்று தெரிந்துகொள்ள ஓர் இரவு போயிற்று. ஸ்கிரீன் மோடில் கறுப்பு என்றால் கீழே இருப்பதைத் தொடாதே என்று அர்த்தம். திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கணக்கான ஆர்ஜிபியில் கறுப்பு 0, 0, 0. அதனால் சுத்தமாக மறைந்துவிடும். ஆனால் ஃபோட்டோஷாப்பில் என்னிடம் இருந்த U.S. Web Coated (SWOP) v2 செட்டிங்கில் அதே கறுப்பு சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90 என்று மாறுகிறது. நாலும் 100 இருந்தால்தான் கீழே உள்ள மை முழுசாக நிற்கும். 75 என்றால் கீழ் லேயரின் சயானில் முக்கால் பங்குதான் மிஞ்சும். வானத்தில் 88 இருக்க வேண்டிய சயான் 66-க்கு இறங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கறுப்பு, முழு லேயர் அளவுக்கும் ஒரு வெள்ளைத் திரையாக விழுந்துவிட்டது. இது போதாதென்று Vibrance சிஎம்ஒய்கேயில் கிடையாது. அந்த லேயரே காணாமல் போயிருந்தது.

ஆக, என் படத்தின் மங்கலில் பெரும்பங்கு மையால் வந்ததே இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. மாற்றுவதற்கு முன் View > Proof Setup > Custom போய் பிரஸ்ஸின் மையும் தாளும் நிறத்தை எப்படிக் காட்டும் என்று சொல்லும் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, Ctrl+Y அழுத்துங்கள். லேயர்கள் எல்லாம் சேர்ந்த ஆர்ஜிபி படம் அச்சில் எப்படி வரும் என்று அது காட்டும். மாற்றிய பிறகும் படம் அதே மாதிரி இருக்க வேண்டும். அதைவிட வெளிறினால் குற்றம் லேயர்களுடையது, மையைத் திட்டிப் பயனில்லை.

இரண்டாவது தடவை Image > Duplicate போய், Duplicate Merged Layers Only டிக் செய்து தனி நகல் எடுத்தேன். லேயர் ஃபைலைத் தொடவில்லை. எந்த ப்ரொஃபைல் என்று அண்ணனிடம் போனில் கேட்டேன். "ஆர்ட் பேப்பர்தானே, FOGRA39 போட்டுக் குடுங்க தம்பி" என்றார். நகலை Edit > Convert to Profile வழியாக Coated FOGRA39-க்கு மாற்றினேன். Relative Colorimetric, Black Point Compensation இரண்டும் வைத்தேன். அதே மெனுவில் இருக்கும் Assign Profile பக்கம் மட்டும் போகாதீர்கள், அது எதையும் மாற்றிக் கொடுக்காது. கோடு போய்விட்டது, அடர்த்தியும் வந்துவிட்டது. நம்பிக்கையோடு மலையிறங்கினேன்.

இந்தத் தடவை வானம் ஊதா. பூ எந்த நிறமோ கிட்டத்தட்ட அதே நிறத்தில் வானமும். திரையில் லேசாகத் தெரிந்ததுதான், கண் பழகிவிட்டதால் விட்டுவிட்டேன். அச்சில் நீலம் என்று தனி மை கிடையாது. சயானும் மெஜந்தாவும் கலந்துதான் நீலம். மெஜந்தா சயானை நெருங்க நெருங்க அது ஊதாப் பக்கம் சாயும். Info பேனலில் வானத்தின் மேல் வைத்துப் பார்த்தால் சயான் 87, மெஜந்தா 70. இடைவெளி வெறும் 17. இரண்டுக்கும் நடுவே 30-க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது டிசைனர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி.

மெஷினில் மெஜந்தாவைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டேன். அண்ணன் தாளை விரித்துக் காட்டினார். இங்க் சாவிகள் தாளின் அகலத்தில் பட்டை பட்டையாக இருக்கின்றன. ஒரு சாவியைக் குறைத்தால் அந்தப் பட்டையில் மேலிருந்து கீழ் வரை எல்லாம் குறையும். "வானத்துக்குக் கொறச்சா கீழ இருக்கிற பூவும் செத்துரும்." பூவுக்கு அந்த மெஜந்தா உயிர். பிளேட் போடுவதற்கு முன்பே இது தெரிந்ததுதான் அந்தப் பயணத்தில் நடந்த ஒரே நல்லது.

ஊருக்கு வந்து, மாற்றிய நகலின் மேல் ஒரு Curves லேயர் போட்டேன். அதற்கு வானத்துக்கு மட்டும் மாஸ்க். பனி தொடங்கும் இடத்தில் மாஸ்க்கின் விளிம்பை நன்றாகக் கரைத்துவிட்டேன், இல்லையென்றால் பூ முனைகளைச் சுற்றி நீல ஒளிவட்டம் வந்துவிடும். Magenta சானலை மட்டும் எடுத்து 70-ஐ 45-க்கு இறக்கினேன். வானம் கொஞ்சம் வெளுத்ததால் சயானை 90-க்கு ஏற்றினேன். திரையில் ஒளிர்ந்த அந்த நீலம் வரவில்லை. இந்த நாலு மையில் அது வராது. ஆனால் யார் பார்த்தாலும் நீலம் என்று சொல்லும் நீலம் வந்தது.

மூன்றாவது ப்ரூஃபை டியூப்லைட்டில் பார்த்துத் தலையாட்டாமல், வாசலுக்கு எடுத்துப் போய் வெயில் வெளிச்சத்தில் பார்த்தேன். மேலே நீலம், கீழே ஊதா, நடுவில் பனி. கோடு இருந்த இடத்தை விரலால் தேடினேன், கிடைக்கவில்லை. அண்ணனும் குனிந்து பார்த்துவிட்டு, "இப்பப் போடலாம்" என்றார்.

இப்போது லாட்ஜ்காரர் இதே படத்தை ஃப்ளெக்ஸில் கேட்கிறார். காலண்டர் நகலை அவருக்குக் கொடுக்கப் போவதில்லை. ஆர்ஜிபி லேயர் ஃபைல் பத்திரமாக இருக்கிறது. ஃப்ளெக்ஸ் கடையில் ப்ரொஃபைல் கேட்டுவிட்டு, அதிலிருந்து புதிதாக ஒரு நகல் எடுப்பேன்.