விஷயத்தைச் சொல்லாமல் நேரம் கேட்பது

மனிதவளப் பிரிவில் வேலை பார்ப்பதால், "உங்களிடம் தனியாகப் பேசணும்" என்று வரும் மெயில்களை நிறையப் படித்திருக்கிறேன். சிலர் மனதில் உள்ள அத்தனையையும் கொட்டிவிடுவார்கள். சிலர் ஒற்றை வரியோடு நிறுத்தி, படிப்பவரின் தூக்கத்தைக் கெடுப்பார்கள். இடைப்பட்ட அளவைப் பிடிப்பது கடினம்தான்.

கணக்குப் பிரிவுப் பெண் ஒருவர் ஒருமுறை தன் மெயிலை அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். பயணப் படி பில்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. ஒரே ஹோட்டல் பில், எண்ணும் தேதியும் மாறாமல், அடுத்தடுத்த இரண்டு மாதக் கோரிக்கைகளில் இருந்தது. கொடுத்தவர் அதே பிரிவின் மூத்த ஊழியர். பிரிவுத் தலைவரிடம் சொல்ல நினைத்து, 'அவசரம்: பயணப் படி முறைகேடு' என்று தலைப்பிட்டு, அந்த ஊழியரின் பெயரையும் எழுதி, இரண்டு பில்களையும் இணைத்திருந்தார்.

"அவர் மெயிலை முதலில் யார் திறப்பாங்க?" என்று கேட்டேன்.

"சாரோட செக்ரட்டரிதான், மேடம்."

செக்ரட்டரி நம்பகமானவராகவே இருக்கலாம். ஆனாலும் அவர் சுமக்க வேண்டிய செய்தி அல்ல இது. அவரை விட்டாலும், தலைவர் தன் லேப்டாப்பைப் புரொஜெக்டரில் போட்டுக் கூட்டம் நடத்தும்போது திரையின் ஓரத்தில் அந்தத் தலைப்பு எட்டிப் பார்க்கும். மேஜையில் கிடக்கும் போனிலும் தெரியும். அதைவிட என்னை உறுத்தியது 'முறைகேடு' என்ற சொல். ஒரு பில் இரண்டு முறை வந்திருக்கிறது என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். தவறான தாளை இணைத்திருந்தாலும் அப்படித்தான் வரும். விசாரித்து அதுதான் காரணம் என்று தெரிந்த பிறகும், பெயரோடு எழுதிய குற்றச்சாட்டு அலுவலக மெயிலில் தேடினால் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

அதற்காக 'ஒரு முக்கியமான விஷயம், நேரில் பேசணும்' என்று மட்டும் எழுதினால், ராஜினாமாவோ என்று தலைவர் பதறுவார். விஷயம் என்ன என்பதைச் சொல்லாவிட்டாலும், எது இல்லை, எவ்வளவு நேரம் ஆகும், எதற்குள் வேண்டும் என்பதைச் சொல்லலாம். இருவரும் உட்கார்ந்து திருத்திய மெயில் இது:

பொருள்: நேரில் பேச 20 நிமிடம் தேவை

"சார், வணக்கம். வேலை தொடர்பான ஒரு விஷயத்தை உங்களிடம் நேரில் சொல்ல விரும்புகிறேன். மெயிலில் எழுதுவது சரியாக இருக்காது. என் விடுப்பு, ராஜினாமா போன்றது எதுவும் இல்லை. வியாழக்கிழமைக்குள் 20 நிமிடம் ஒதுக்க முடியுமா? முதலில் நாம் இருவர் மட்டும் பேசினால் நல்லது. தேவையான தாள்களை நானே கொண்டு வருகிறேன்."

'வியாழக்கிழமைக்குள்' என்ற இடத்தில் அவர் முதலில் 'பயணப் படி பட்டுவாடா ஆவதற்குள்' என்று எழுதியிருந்தார். காரணத்தைச் சொன்னால் விஷயமும் வெளியே வந்துவிடும், அதனால் கிழமையை மட்டும் வைத்தோம். 'நம் பிரிவில் ஒருவரைப் பற்றி' என்பதையும் எடுத்தோம். சின்னப் பிரிவில் அந்த ஒரு வரி போதும், ஆளாளுக்கு ஊகிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

தலைவர் பதில் போட்டார்: "என்ன விஷயம்? போனில் சொல்ல முடியுமா?" பெரும்பாலானவர்கள் உடைந்துபோவது இந்தக் கேள்வியில்தான். ஒன்று அதே மெயிலில் முழுக்கச் சொல்லிவிடுவார்கள், அல்லது பட்ஜெட்டில் சந்தேகம் என்று ஏதாவது பொய்க் காரணம் சொல்வார்கள். பொய் சொன்னால் தலைவர் பட்ஜெட் பார்ப்பவரையும் கூடவே கூப்பிட்டு உட்கார வைப்பார். அந்தப் பெண் எழுதியது: "தாளைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டியது சார், போனில் சரியாக வராது. நீங்கள் சொல்லும் நேரத்துக்கு வருகிறேன்." அது உண்மையும்கூட.

காலண்டரிலும் கவனம் வேண்டும். அழைப்புக்கு 'பில் விஷயம்' என்று பெயர் வைத்தால், காலண்டரைப் பகிர்ந்துகொள்ளும் எல்லோரும் படிப்பார்கள். 'சந்திப்பு' போதும். பிரைவேட் என்று குறித்தாலும், முழு அனுமதி பெற்ற உதவியாளருக்குத் தெரியக்கூடும் என்பதால் தலைப்பே வெறுமையாக இருப்பது பாதுகாப்பு.

'யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று உறுதி தாருங்கள்' என்று மட்டும் கேட்க வேண்டாம் என்றேன். பணம் சம்பந்தப்பட்டதை மேலே தெரிவிப்பது தலைவரின் கடமையாக இருக்கலாம். அவரால் காப்பாற்ற முடியாத வாக்கை முன்கூட்டியே வாங்குவது நியாயமில்லை. 'முதலில் நாம் இருவர்' என்று எழுதியதும் அதனால்தான். தலைவர்மீதே சந்தேகம் என்றாலோ, யாருக்காவது உடனடி ஆபத்து என்றாலோ இந்த வழியே பொருந்தாது. முன்னதற்கு வேறு அதிகாரியிடம் போக வேண்டும், பின்னதற்கு மெயிலை விட்டுவிட்டு நேரில் ஓட வேண்டும்.

சந்திப்பு முடிந்த அன்றே, அதே மெயிலுக்குப் பதிலாக இரண்டு வரி எழுதச் சொன்னேன்: "இன்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சார். தாள்களை உங்களிடம் கொடுத்துவிட்டேன்." விவரம் எதுவும் இல்லாவிட்டாலும், எந்தத் தேதியில் யாரிடம் சொன்னார் என்பது பதிவாகிவிட்டது. நாளைக்கு யாராவது "தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டால் காட்டுவதற்கு அது போதும்.