அந்த a6 சிப்பாய்

சதுரங்க வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்தது எதுவோ அதையே என் மாணவி ஆட்டத்தில் செய்தாள், ஆனாலும் ஜெயிக்க வேண்டிய ஆட்டம் டிராவில் முடிந்தது. இதைத்தான் என்னால் இன்னும் விட முடியவில்லை.

நிலை இதுதான். வெள்ளை அவளுடையது: ராஜா d4, குதிரை d3, சிப்பாய்கள் a6, f2, g3, h4. கறுப்புக்கு ராஜா c6, குதிரை a7, சிப்பாய்கள் f7, g6, h5. ஒரு சிப்பாய் அதிகம். அதுவும் கூட்டத்தை விட்டுத் தள்ளி ஓரத்தில், எதிரிச் சிப்பாய் எதுவும் வழிமறிக்க முடியாமல் நிற்கும் பாஸ்டு பான். நகர்த்த வேண்டியது அவள்.

கறுப்பு ராஜா b6-க்குப் போய் a6-ஐத் தின்னப் பார்க்கிறது. அவள் குதிரையை b4-இல் வைத்து செக் கொடுத்தாள். அங்கிருந்து a6-க்குக் காவலும் ஆயிற்று. ராஜா d6-க்குத் திரும்பியது. குதிரை மறுபடி d3-க்கு வந்தது, ராஜா மறுபடி c6-க்கு. அதே செக். ஒரே நிலை மூன்று முறை வந்ததும் எதிராளி டிரா கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஆட்டத்தை அலசும்போது, "ராஜா c6-க்குப் போனதும் உனக்கு எந்தக் கட்டம் திறந்ததும்மா?" என்று கேட்டேன். பலகையைப் பார்த்துவிட்டு உடனே சொன்னாள்: "e5 சார். பார்த்தேன். ஆனா a6 போயிடுமே?"

"போகட்டுமே" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "நீங்கதானே சார் சொன்னீங்க, ஓரத்துச் சிப்பாயை நிறுத்த குதிரை ரொம்பத் திணறும்னு? அதான் அதை விடல."

சொன்னேன்தான். அது உண்மையும் கூட. பலகையின் விளிம்பில் குதிரைக்குப் பாதி வழி அடைபட்டுவிடும். a7-இல் நிற்கும் அந்தக் குதிரைக்குப் போக மூன்றே கட்டங்கள்: b5, c6, c8. அதில் c6-இல் அப்போது சொந்த ராஜாவே நின்றது.

சரி, வெள்ளை ராஜா e5-க்குப் போயிருந்தால்? கறுப்பு ராஜா b6, வெள்ளை ராஜா f6. கறுப்பு a6-ஐத் தின்கிறது, வெள்ளை f7-ஐத் தின்கிறது. அடுத்து g6, h5 இரண்டும் வரிசையாக விழும். கறுப்பு ராஜாவோ பலகையின் மறு ஓரத்தில் கிடக்கும். மூன்று சிப்பாய்களை ஒற்றைக் குதிரையால் பிடிக்க முடியாது. b6-க்குப் போகாமல் குதிரையை b5 வழியாக d6-க்குக் கொண்டுவந்து f7-ஐக் காத்தால், வெள்ளைக் குதிரை e5-இல் செக் கொடுத்து f7-ஐ எடுத்துவிடும். அதற்குள் கறுப்பு ராஜா d5-க்கு வந்திருந்தால் a6 தடையில்லாமல் ராணியாகும். ஒரே ராஜா இரண்டு பக்கமும் நிற்க முடியாதே. குதிரை முடிவாட்டமும் சிப்பாய் முடிவாட்டம் மாதிரிதான் என்று முன்னாள் உலக சாம்பியன் பொட்வின்னிக் சொன்னதாக நாங்கள் வகுப்பில் ஓயாமல் சொல்வது இதனால்தான். குதிரைகள் பலகையில் இருந்தாலும், ஓரத்துச் சிப்பாய் எதிரி ராஜாவை இழுத்துக்கொண்டு போக, நம் ராஜா அடுத்த பக்கம் நுழைவதுதான் கணக்கு.

இதையெல்லாம் அன்றே காட்டினேன். தலையாட்டினாள். அப்புறம் அவள் கேட்ட கேள்விதான் சங்கடம்: "அப்போ எப்ப விடணும், எப்ப விடக்கூடாதுன்னு எப்படித் தெரியும் சார்?"

மறுபக்கம் என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பார் என்றேன். மூன்று மிஞ்சினால் தயங்காமல் கொடு. f, g சிப்பாய்கள் ஏற்கெனவே போய் h4-உம் h5-உம் மட்டும் இருந்தால், h5-ஐத் தின்ற பின் உன்னிடம் ஒன்றுதான் இருக்கும். எதிரிக் குதிரை அந்த ஒன்றுக்காகத் தன்னைக் கொடுத்துவிட்டால் ராஜாவையும் குதிரையையும் மட்டும் வைத்து மேட் போட முடியாது. அங்கே கடைசிவரை கணக்குப் போடாமல் a6-ஐ விடக்கூடாது.

பதில் சரிதான், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் அவள் e5-ஐப் பார்த்துவிட்டாள் என்பதுதான் உறுத்துகிறது. பார்க்காமல் விட்டிருந்தால் பயிற்சியில் சரிசெய்திருக்கலாம். பார்த்தும் போகாமல் தடுத்தது நான் கொடுத்த ஒரு நல்ல விதி. விதியே சொல்லாமல் நிலைகளை மட்டும் காட்டிப் பழக்கலாமா என்றும் யோசித்தேன். அப்படிப் பழகிய பிள்ளைகள் நேரம் குறையும்போது பிடிமானமில்லாமல் தவிப்பதையும் பார்த்திருக்கிறேன். அவள் கையில் அப்போது சில நிமிடங்கள்தான் இருந்தன. அந்த நேரத்தில் மனதில் நிற்பது கணக்கு அல்ல, விதிதான். அப்படியானால் எந்த விதியை முதலில் சொல்லியிருக்க வேண்டும்?

இப்போதெல்லாம் ஓரத்துச் சிப்பாய் பாடத்தை எடுக்கும் அன்றே இந்த நிலையையும் பலகையில் வைத்துவிடுகிறேன், a6-ஐ யார் காக்கிறார்கள் என்று கேட்பதற்கு முன் கறுப்பு ராஜா எதை விட்டு நகர்ந்தது என்று கேட்கிறேன். பாதிப் பேர் e5 என்கிறார்கள். மீதிப் பேர் குதிரையை b4-இல்தான் வைக்கிறார்கள்.