31க்கு அடுத்த 1: ஒற்றை, இரட்டை நாள் தரிப்பும் ஒரு தண்டப் பத்திரமும்

ஆகஸ்ட் கடைசியில் மட்டக்களப்பிலிருந்து மச்சான் குடும்பத்தோடு வந்து எங்கள் வீட்டில் தங்கினார். நாங்கள் இருப்பது திருகோணமலையில், கடைத்தெருவை ஒட்டிய ஒடுங்கிய வீதி ஒன்றில். வீட்டுக்குள் கார் விட இடமில்லை, அதனால் வீதியில்தான் நிறுத்த வேண்டும். ஒற்றைத் திகதியில் ஒரு பக்கம், இரட்டைத் திகதியில் மற்றப் பக்கம் என்பதுதான் வீதியின் ஒழுங்கு. இரண்டு பக்கமும் வாகனம் நின்றால் நடுவில் ஓர் ஓட்டோ போவதே கஷ்டம், அம்புலன்ஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரே பக்கத்தை நிரந்தரமாகத் தடுத்தால் அந்தப் பக்கத்துக் கடைக்காரருக்கு அநியாயம். நாள் மாறிப் பக்கம் மாறினால் சுமை இருவருக்கும் பங்காகும், வாகனம் நிற்காத நாளில் அந்தப் பக்கத்து வடிகாலையும் துப்புரவு செய்யலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது, மச்சானுக்கு நடந்ததைச் சொன்னால் அது விளங்கும்.

முதலில் பலகையை வாசிப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். அது ஒரு தடைப் பலகை. "ஒற்றை நாட்கள்" என்று எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தில் ஒற்றைத் திகதிகளில் நிறுத்தக் கூடாது என்று பொருள். "இன்று 7ஆம் திகதி, ஒற்றை நாள், பலகையும் ஒற்றை என்கிறது, அப்போ இங்கேதான் விடவேண்டும்" என்று நினைத்துச் சரியாகத் தடையின் கீழேயே கொண்டுபோய் விடுகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். தரித்தல் தடையின் சிவப்பு வட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் கீழே உள்ள எழுத்தை வாசிக்க வேண்டும்.

மச்சான் இதை முதல் நாளே விளங்கிக்கொண்டார். எங்கள் வீட்டுப் பக்கத்தில் இரட்டை நாள் தடை, எதிர்ப்பக்கத்தில் ஒற்றை நாள் தடை. 29ஆம் திகதி வீட்டுப் பக்கம், 30ஆம் திகதி எதிர்ப்பக்கம், 31ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் வீட்டுப் பக்கம் என்று ஒழுங்காக மாற்றி மாற்றி நிறுத்தினார். அன்றிரவு படுக்கப்போகும் முன், "நாளைக்குப் பக்கம் மாறுமே" என்று காரை எடுத்து எதிர்ப்பக்கம் விட்டார். திங்கட்கிழமை காலை போக்குவரத்துப் பொலிசார் வந்து நின்றார்கள்.

31 ஒற்றை. அடுத்த நாள் 1, அதுவும் ஒற்றை. பக்கம் மாறவே இல்லை. காரைத் தொடாமல் விட்டிருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது. அக்கறையோடு மாற்றியதுதான் தண்டத்தில் முடிந்தது, அதனால்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

"சேர், நேற்று அந்தப் பக்கம்தானே விட்டது, இன்றைக்கு இந்தப் பக்கம்தானே?" என்று மச்சான் கேட்டார். உத்தியோகத்தர் பலகையைக் காட்டி, "நேற்று எந்தப் பக்கம் என்று பார்க்கிறதில்லை ஐயா, இன்றைக்கு என்ன திகதி என்றுதான் பார்க்கிறது" என்று பொறுமையாகச் சொன்னார். சாரதி அனுமதிப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு தண்டப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தாளை வாங்கினதும் நின்ற இடத்திலேயே வாசிக்க வேண்டும். வாகன இலக்கம், இடம், குற்றம், எல்லாவற்றுக்கும் மேலாகத் திகதியும் நேரமும். இந்தக் குற்றம் முழுக்கத் திகதியில் தங்கியிருப்பதால், அதில் ஓர் இலக்கம் பிழைத்தால் விஷயமே வேறாகிவிடும். நான் இரண்டு பக்கத்துப் பலகைகளையும், கார் நின்ற நிலையையும் கைபேசியில் படம் எடுத்துவைத்தேன். பலகை மரக்கிளையில் மறைந்திருந்தாலோ எழுத்து அழிந்திருந்தாலோ அந்தப் படம்தான் பேசும். எங்கள் வீதியில் இரண்டு பலகையும் தெளிவாகத் தெரிந்தன.

அந்தத் தாளே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப் பத்திரமாகவும் செல்லும், அதை வைத்துக்கொண்டு வாகனம் ஓட்டலாம். 14 நாட்களுக்குள் தண்டத்தைக் கட்ட வேண்டும். அது தவறினால் 28ஆம் நாள் வரை இரட்டிப்பாகக் கட்டலாம். அதுவும் தாண்டினால் வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். தண்டம் பிழை என்று உறுதியாக நினைக்கிறவர் கட்டாமல் விட்டு நீதிமன்றத்தில் விளக்கம் சொல்லலாம். மச்சானுக்கும் முதலில் அந்த எண்ணம் இருந்தது. நான் படங்களைக் காட்டி, "மச்சான், 1ஆம் திகதி, எதிர்ப்பக்கம், ஒற்றை நாள் தடை. சொல்ல என்ன இருக்கு?" என்று கேட்டேன். அதோடு வழக்கென்றால் மட்டக்களப்பிலிருந்து வந்து போக வேண்டும். கட்டுவதென்று முடிவெடுத்தார்.

அன்றைக்கே கட்டச் சொன்னது நான்தான். அனுமதிப் பத்திரம் திருகோணமலைப் பொலிசில் இருக்கிறது, அவரோ இரண்டு நாளில் ஊர் போகிறவர். வெளியூர்க்காரருக்குத் தண்டத்தை விட இந்த அலைச்சல்தான் பெரிசு. தபாற்கந்தோரில் தாளைக் கொடுத்துப் பணத்தைக் கட்டினால் முத்திரை குத்திப் பற்றுச்சீட்டுத் தருவார்கள். அதைப் பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவில் காட்டித்தான் அனுமதிப் பத்திரத்தை மீட்க வேண்டும். பணம் கட்டியதோடு வேலை முடிந்தது என்று பற்றுச்சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனால் 14 நாள் முடிய ஓட்டக் கையில் ஒன்றும் இராது. எங்களுக்கு அன்று பின்னேரமே அனுமதிப் பத்திரம் கிடைத்துவிட்டது.

பிறகு நானும் மகளும் நாட்காட்டியை வைத்து எண்ணிப் பார்த்தோம். ஜனவரி, மார்ச், மே, ஜூலை, ஆகஸ்ட், ஒக்டோபர், டிசம்பர் என்று வருடத்தில் ஏழு தடவை 31க்குப் பின்னால் 1 வருகிறது. லீப் வருடமென்றால் பெப்ரவரி 29ஐயும் சேர்த்து எட்டு. சாதாரண வருடத்தில் ஒற்றை நாட்கள் 186, இரட்டை நாட்கள் 179. ஆக, "நேற்று அங்கே, இன்று இங்கே" என்ற கணக்கு வருடத்தில் ஏழு தடவை காலை வாரிவிடும்.

இன்னொரு சிக்கல் நள்ளிரவு. பலகையில் நேரம் போடவில்லை என்றால் திகதி மாறும் 12 மணிக்கே தடையும் மாறுகிறது. இரவு பத்து மணிக்கு மாற்றினால் மிச்ச இரண்டு மணித்தியாலம் பிழையான பக்கம், விடிய மாற்றினால் அதுவரை பிழையான பக்கம். பிரான்சில் இருக்கும் என் தங்கை சொன்னாள், அங்கே சில ஊர்களில் 1 முதல் 15 வரை ஒரு பக்கம், 16 முதல் மாதக் கடைசி வரை மறுபக்கம். மாற்றும் நாளில் இரவு எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் எல்லோரும் மாற்ற வேண்டும். அந்த அரைமணி நேரம் எவ்வளவு பெரிய உதவி! எங்கள் வீதிப் பலகையின் கீழும் காலை 7 முதல் மாலை 6 வரை என்று ஒரு வரி போட்டால் இரவில் ஒருவரும் எழும்பத் தேவையில்லை. கடைகள் பூட்டிய பின் அந்த நெரிசலும் இல்லை. வீதிக்காரர் கையொப்பம் வைத்து இதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். மாதக் கடைசியைப் பற்றியும் அதில் ஒரு பந்தி சேர்த்திருக்கிறேன்.

அது நடக்கும் வரை எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: 31ஆம் திகதி இரவு வாகனத்தைத் தொடவேண்டாம், 1ஆம் திகதி முழுக்க அது அங்கேயே நிற்கலாம், 2ஆம் திகதிக்குத்தான் மாற்ற வேண்டும்.