திருமணச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு: விசாவுக்காக நான் செய்தது

கணவரோடு பிரிட்டனில் சேர்ந்து வாழ விசாவுக்கு விண்ணப்பித்தபோது எனக்கு அதிகம் வேலை வைத்தது எங்கள் திருமணச் சான்றிதழ்தான். முழுக்கத் தமிழில் இருந்தது. ஆங்கிலத்திலோ வெல்ஷ் மொழியிலோ இல்லாத எந்த ஆவணத்தோடும் முழு மொழிபெயர்ப்பு ஒன்றை இணைக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி.

நோட்டரி முத்திரை வாங்கிவிட்டால் போதும் என்று பலரும் சொன்னார்கள். விதியைப் படித்தால் அப்படி எதுவும் இல்லை. கேட்பது இவ்வளவுதான்: இது மூலத்தின் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப்பெயரும் கையெழுத்தும், அவரைத் தொடர்புகொள்ளும் விவரம். விசா அதிகாரி நினைத்தால் அவரை அழைத்துச் சரிபார்க்க முடிய வேண்டும். நோட்டரி உறுதி செய்வது பெரும்பாலும் கையெழுத்து யாருடையது என்பதைத்தான். மொழிபெயர்ப்பு சரியா என்று அவர் பார்ப்பதில்லை. முத்திரை பளிச்சென்று இருந்து, மேலே சொன்னவற்றில் ஒன்று விடுபட்டிருந்தால் அந்தத் தாளால் பயனில்லை.

என் நாத்தனாருக்கு ஆங்கிலம் அத்துப்படி. "நானே எழுதித் தரேன் அண்ணி, எதுக்குச் செலவு?" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். விண்ணப்பத்தில் சம்பந்தப்பட்ட குடும்பத்து ஆளின் கையெழுத்து சந்தேகத்துக்கு இடம் தரும். கனடாவில் குடும்பத்தார் மொழிபெயர்க்கவே கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பு நிறுவனம் அனுப்பிய முதல் வரைவைச் சான்றிதழுக்குப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். முன்பக்கம் நன்றாகவே இருந்தது. பின்பக்கத்தில் பதிவாளர் கையால் எழுதிய ஒரு குறிப்பும், அதன் மேல் பாதி அழிந்த வட்ட முத்திரையும் வரைவில் இல்லவே இல்லை. முழு மொழிபெயர்ப்பு என்றால் தாளில் உள்ள எல்லாமே வர வேண்டும்: முத்திரை, கையெழுத்து, ஓரத்துக் குறிப்பு, அச்சிட்ட படிவ எண் வரைக்கும். படிக்க முடியாத இடத்தை ஊகித்து நிரப்பக் கூடாது. 'வட்ட முத்திரை, ஒரு பகுதி தெளிவில்லை' என்று சதுர அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். கேட்டதும் அப்படியே சேர்த்தார்கள். தேதிகளில் மாதத்தை எண்ணாக இல்லாமல் எழுத்தால் எழுதச் சொன்னேன். இல்லாவிட்டால் 5-8 என்பதை மே என்றும் படிக்கலாம், ஆகஸ்ட் என்றும் படிக்கலாம்.

பெரிய தலைவலி பெயர்தான். சான்றிதழில் நான் 'மா. கோமதி'. பாஸ்போர்ட்டில் என் பெயர் ஜி-யில் தொடங்குகிறது, அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில் நிற்கிறது. வரைவிலோ கே-யில் தொடங்கியிருந்தது. இந்த ஒரு விஷயத்தை மொழிபெயர்ப்பாளரால் சரிசெய்ய முடியும். தமிழ் எழுத்தை எந்த ஆங்கில எழுத்தால் எழுதுவது என்பது அவர் தேர்வு, பாஸ்போர்ட் நகலைக் காட்டினால் அதன்படியே எழுதுவார். வேலை கொடுக்கும்போதே பாஸ்போர்ட் நகலையும் சேர்த்து அனுப்பிவிடுவது நல்லது. ஆனால் சான்றிதழிலேயே பெயர் ஆங்கிலத்தில் வேறு மாதிரி அச்சாகியிருந்தால் அதை அவர் தொடக் கூடாது.

இனிஷியல் கதை வேறு. 'மா.' என்பதை அப்பாவின் முழுப்பெயராக விரித்து எழுதிவிடுங்களேன் என்று கேட்டுப் பார்த்தேன். மொழிபெயர்த்த அம்மா மறுத்துவிட்டார். மூலத்தில் இல்லாததைச் சேர்த்துவிட்டு 'சரியான மொழிபெயர்ப்பு' என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றார். நியாயம்தான். இந்த இடைவெளியை நிரப்புவது விண்ணப்பதாரரின் வேலை. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று ஒரு சிறு விளக்கக் கடிதம் எழுதி, அப்பா பெயர் முழுதாக உள்ள என் பிறப்புச் சான்றிதழை ஆதாரமாக வைத்தேன். வேறு பெயரால் அறியப்பட்டதுண்டா என்று விண்ணப்பத்தில் வரும் கேள்விக்கும் இனிஷியலோடு உள்ள பெயரைக் கொடுத்தேன். எழுத்துப்பிழை பதிவிலேயே இருந்தால் இதெல்லாம் போதாது. முதலில் பதிவு அலுவலகத்தில் திருத்தம் வாங்கி, அப்புறம் திருத்திய சான்றிதழை மொழிபெயர்க்கக் கொடுக்க வேண்டும்.

பதிவேற்றும்போது மூலத்தின் இரு பக்கங்கள், மொழிபெயர்ப்பு, உறுதிமொழித் தாள் மூன்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக்கினேன். தனித்தனியாகப் போட்டால் எது எதற்கு உரியது என்று அதிகாரிதான் தேட வேண்டும்.

கையெழுத்துக்குக் கீழே மொழிபெயர்ப்பாளரின் தகுதி விவரத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெளியிலிருந்து விண்ணப்பிக்கும்போது அது கட்டாயமில்லை. ஆனால் அங்கே போன பிறகு விசாவை நீட்டிக்கும்போது தகுதி பெற்றவர்தான் சான்றளித்திருக்க வேண்டும், அவர் தகுதி விவரமும் தாளில் இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.