சி சார்ட் கணக்கில் கடைசி இரண்டு வரி: எட்டுப் புள்ளியும் ஒரே பக்கம் நின்றால் என்ன அர்த்தம்?

எஸ்.க்யூ.சி. என்கிற புள்ளியியல் தரக் கட்டுப்பாட்டுத் தாளில் சி சார்ட் கணக்கு வந்தால் சூத்திரத்தைப் போட்டுக் கோடு வரைவதில் யாரும் தடுமாறுவதில்லை. மதிப்பெண் போவது அதற்குப் பிறகு. "பிராசஸ் கட்டுப்பாட்டில் உள்ளதா? காரணம் கூறுக" என்ற கேள்விக்குப் பலர் ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். மணலி, திருவொற்றியூர், வியாசர்பாடி பக்கம் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு மறுநாள் பட்டறையில் தேவைப்படுவதும் அதே பதில்தான். அதனால் ஒரே ஒரு கணக்கை எடுத்து முழுதாகப் பார்த்துவிடுவோம்.

திருவொற்றியூரில் ஒரு சின்ன ஃபவுண்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சை மணல் மோல்டில் வார்த்த காஸ்டிங். ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் 50 காஸ்டிங்கை எடுத்து, மேற்பரப்பில் தெரியும் ப்ளோ ஹோல்களை எண்ணுகிறார்கள். ஒரே காஸ்டிங்கில் மூன்று ஓட்டை இருந்தால் மூன்று என்றே கணக்கு. நாம் எண்ணுவது குறைகளை. குறையுள்ள காஸ்டிங்குகளை அல்ல. "50-இல் எத்தனை ரிஜெக்ட்" என்று கேட்டிருந்தால் அது என்.பி. சார்ட். வினாத்தாளில் இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் தவறான சார்ட்டைப் போட்டுவிட்டால் முழுக் கணக்கும் போய்விடும்.

20 ஷிஃப்ட்டின் எண்ணிக்கை இது:

7, 11, 9, 8, 12, 6, 10, 9, 15, 3, 8, 21, 10, 7, 9, 12, 6, 11, 8, 10

கூட்டினால் 192. சராசரி 9.6.

```
UCL = c̄ + 3√c̄ = 9.6 + 3(3.1) = 18.9
LCL = c̄ − 3√c̄ = 9.6 − 3(3.1) = 0.3
```

12-ஆவது ஷிஃப்ட்டின் 21 மேல் எல்லைக்கு வெளியே நிற்கிறது. உடனே அதை அடித்துவிட்டுச் சராசரியைத் திரும்பப் போடக் கூடாது. காரணம் கண்டுபிடித்த பிறகுதான் ஒரு புள்ளியை நீக்கலாம். இங்கே முந்தைய இரவு பெய்த ஐப்பசி மழையில் தார்ப்பாய் போடாத மணல் குவியல் நனைந்துவிட்டது, ஈரப்பதம் பார்க்காமலே மோல்ட் அடித்துவிட்டார்கள் என்று லாக் புத்தகத்தில் இருக்கிறது. ஈரம் அதிகமான மணலில் உருகிய இரும்பு பட்டதும் நீராவி கிளம்பும். வெளியேற வழியில்லாத ஆவி உலோகத்துக்குள் புகுந்து ஓட்டையாக உறைந்துவிடும். காரணம் தெளிவு, அதனால் நீக்குகிறோம். மீதி 171-ஐ 19-ஆல் வகுத்தால் சராசரி 9. புதிய மேல் எல்லை 18, கீழ் எல்லை 0. கீழ் எல்லை எப்போதாவது மைனஸில் வந்தால் 0 என்று எழுதுங்கள். விடைத்தாளில் "குறிப்பிட்ட காரணம் கிடைத்ததால் 12-ஆவது புள்ளி நீக்கப்பட்டது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்போது 9-ஆவது, 10-ஆவது ஷிஃப்ட்டைப் பாருங்கள். 15, அடுத்ததே 3. பட்டறையில் இது எப்படிப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். 15 வந்ததும் சூப்பர்வைசர் மோல்டரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார். அடுத்த ஷிஃப்ட் 3 வந்ததும், திட்டியதால்தான் குறைந்தது என்று நம்பிவிடுவார். ஆனால் சராசரி 9 உள்ள பிராசஸில் 15-உம் வரும், 3-உம் வரும்; இரண்டுமே எல்லைக்குள்தான். உயரத்தில் போன எண்ணுக்கு அடுத்தது பெரும்பாலும் தாழ்ந்துதான் வரும், திட்டினாலும் திட்டாவிட்டாலும். திட்டோடு நின்றாலாவது பரவாயில்லை. 15-ஐப் பார்த்துத் தண்ணீரைக் குறைத்து, 3-ஐப் பார்த்துக் கூட்டினால், இல்லாத ஏற்ற இறக்கத்தை நாமே உண்டாக்குகிறோம். பிராசஸ் தன்பாட்டுக்கு ஆடுகிற ஆட்டம் எவ்வளவு என்று காட்டத்தான் 0 முதல் 18 வரை அந்தப் பட்டை.

அடுத்த எட்டு ஷிஃப்ட்டுக்கு 9, 18 என்ற அதே கோடுகளை நீட்டிக்கொண்டு போகிறோம். வந்தவை:

11, 12, 10, 13, 11, 14, 12, 11

ஒன்றுகூட 18-ஐத் தொடவில்லை. "எல்லாம் எல்லைக்குள், எனவே கட்டுப்பாட்டில் உள்ளது" என்று எழுதினால் தவறு. எட்டும் நடுக்கோட்டுக்கு மேலேயே நிற்கின்றன. உண்மையில் சராசரி 9-ஆகவே இருந்தால், ஒரு ஷிஃப்ட் 9-க்கு மேலே போகும் வாய்ப்பு சுமார் 0.41. எட்டும் தொடர்ந்து மேலேயே போக 0.41-ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. இது தற்செயல் அல்ல, சராசரியே நகர்ந்துவிட்டது. அந்த எட்டின் சராசரி 11.75.

மேல் எல்லையை மட்டும் நம்பியிருந்தால் எப்போது தெரிந்திருக்கும்? சராசரி 12-க்குப் போன பிராசஸில் ஒரு ஷிஃப்ட் 18-ஐத் தாண்டும் வாய்ப்பு நூற்றுக்கு நான்குகூட இல்லை. சராசரியாக 27 ஷிஃப்ட் காத்திருக்க வேண்டும். மூன்று ஷிஃப்ட் ஓடும் பட்டறையில் ஒன்பது நாள். பெரிய தாவலைப் பிடிக்க மேல் எல்லை போதும். மெல்ல நகர்வதைப் பிடிக்க இந்தத் தொடர் விதி வேண்டும். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் விதியில் இது எட்டு, நெல்சன் விதியில் ஒன்பது. சில பாடநூல்களில் ஏழு. எந்த விதியை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் விடையில் எழுதிவிடுங்கள். சரியாக 9-இலேயே விழும் புள்ளியை மேலே இருப்பதாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நகர்ந்தது உறுதியானதும் முதலில் சந்தேகப்பட வேண்டியது எண்ணும் ஆளை. புது இன்ஸ்பெக்டர் வந்திருக்கலாம், மேசை விளக்கை மாற்றியிருக்கலாம், ஊசிமுனை ஓட்டையையும் சேர்த்து எண்ணத் தொடங்கியிருக்கலாம். அதே 50 காஸ்டிங்கைப் பழைய ஆளிடம் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போனால் பிராசஸ்தான் மாறியிருக்கிறது. பிறகு லாக் புத்தகத்தில் எட்டாவது ஷிஃப்ட்டைத் தேடாதீர்கள், முதலாவதைத் தேடுங்கள். சார்ட் சொன்னது எட்டாவதில். மாற்றம் நடந்தது முதலாவதை ஒட்டி. நம் கணக்கில் அந்த ஷிஃப்ட்டில்தான் மணலைப் பிணைக்கும் பென்டோனைட் களிமண்ணின் புது லோடு மூட்டை பிரித்தார்கள். பிடிமானம் குறைவான பென்டோனைட், அதைச் சரிக்கட்டக் கொஞ்சம் கூடுதல் தண்ணீர், அதனால் கூடுதல் ஆவி. எட்டாவது ஷிஃப்ட் மோல்டரை நிற்க வைத்துக் கேட்டிருந்தால் இது வெளியே வந்திருக்காது.

ஒரு ஷிஃப்ட்டில் 50-க்குப் பதில் 80 காஸ்டிங் பார்த்து 20 ஓட்டை எண்ணினால், 18-ஐத் தாண்டிவிட்டது என்று அலறக் கூடாது. அளவு மாறினால் யு சார்ட். ஒரு காஸ்டிங்குக்குச் சராசரி 9/50, அதாவது 0.18.

```
UCL = 0.18 + 3√(0.18/80) = 0.32
```

வந்ததோ 20/80, அதாவது 0.25. எல்லைக்குள்தான்.

எக்செல்லில் சார்ட் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு புது எண்ணும் சராசரி சூத்திரத்துக்குள் போகும்படி விட்டுவிட்டால், கெட்ட எட்டும் உள்ளே போய்ச் சராசரி 9.8 ஆகும், மேல் எல்லை 19.2-க்கு ஏறிவிடும், பிராசஸ் கெடக் கெடக் கோடும் கூடவே ஏறும். 9-ஐயும் 18-ஐயும் தனி செல்லில் எண்ணாக அடித்து வையுங்கள். பென்டோனைட்டைச் சரிசெய்த பிறகும் அதே கோடுகள்தான். நிரந்தரமாக ஒரு மாற்றம் செய்து, எண்ணிக்கை புது மட்டத்தில் நிலைத்த பிறகு, புதிதாக 20 ஷிஃப்ட் எண்ணி அதிலிருந்து எல்லையை மறுபடி போடுங்கள்.